1,180 ரூபாயில் வரி எவ்வளவு? 212.40 அல்ல

18 சதவீத ஜிஎஸ்டி உட்பட ஒரு பொருளின் விலை 1,180 ரூபாய். இதில் வரி எவ்வளவு, வரிக்கு முந்தைய விலை எவ்வளவு? கால்குலேட்டரை எடுத்து 1180-இல் 18 சதவீதம் போட்டால் 212.40 வரும். கழித்தால் 967.60. கணக்கு முடிந்தது என்று பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். வந்த விடையை ஒரே ஒரு தடவை திருப்பிப் போட்டிருந்தால் தவறு அங்கேயே தெரிந்திருக்கும். 967.60-க்கு 18 சதவீத வரி 174.17. இரண்டையும் கூட்டினால் 1,141.77. நாம் தொடங்கிய விலையோ 1,180. நடுவில் 38 ரூபாய் 23 காசு காணவில்லை.

சரியான விடை: அடிப்படை விலை 1,000, வரி 180.

தவறு கூட்டல் கழித்தலில் இல்லை, எதற்குச் சதவீதம் எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஜிஎஸ்டி அடிப்படை விலையின் மேல் போடப்படுகிறது. 18 சதவீதம் என்றால் ‘அடிப்படை விலை 100 என்றால் வரி 18’ என்று பொருள். அப்போது வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை 118. அந்த 118-இல் 100 பங்கு பொருளுக்கு, 18 பங்கு அரசுக்கு. கையில் இருப்பது வரி சேர்ந்த விலை என்பதால், அதை 118 பங்காகப் பிரித்து அதில் 18 பங்கை எடுக்க வேண்டும். 100 பங்காகப் பிரித்து 18 பங்கு எடுத்தால், வரிக்கும் சேர்த்து வரி எடுத்ததாகிவிடும்.

```
வரி = விலை × 18 ÷ 118
அடிப்படை விலை = விலை × 100 ÷ 118
```

வேறு விகிதமானால் 18 இருக்கும் இடத்தில் அந்த எண்ணையும், 118 இருக்கும் இடத்தில் நூறோடு அந்த எண்ணைக் கூட்டியதையும் போட்டுக்கொள்ளலாம். இது ஏதோ கணக்குப் புத்தகச் சூத்திரம் மட்டும் அல்ல. மத்திய ஜிஎஸ்டி விதிகள் 2017-இல் 35ஆம் விதி இதையேதான் சொல்கிறது: வரி உட்பட்ட மதிப்பை வரி விகிதத்தால் பெருக்கி, நூறும் பொருந்தும் வரி விகிதங்களின் கூட்டுத்தொகையும் சேர்ந்த எண்ணால் வகுக்க வேண்டும். ‘விகிதங்களின் கூட்டுத்தொகை’ என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நேராகக் கழிக்கும் குறுக்குவழி 18 சதவீதத்தில் 32 ரூபாய் 40 காசு அதிக வரி காட்டியது. இந்தப் பிழையின் அளவையும் துல்லியமாகச் சொல்லலாம். அடிப்படை விலையில் வரிச் சதவீதம், அதன் மேல் மறுபடி அதே வரிச் சதவீதம். ஆயிரத்துக்கு 18 சதவீதம் 180, அந்த 180-க்கு 18 சதவீதம் 32.40. விகிதம் குறைவாக இருந்தால் பிழை சிறிதாகத் தெரியும், அதனால்தான் இந்தப் பழக்கம் பிடிபடாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. 5 சதவீதத்தில் ஆயிரம் ரூபாய்க்கு இரண்டரை ரூபாய்தான் பிசகும். யாரும் கவனிக்க மாட்டார்கள். 40 சதவீதத்தில் அதே ஆயிரத்துக்கு 160 ரூபாய் பிசகும். விலை 1,400, உண்மையான வரி 400, நேராகக் கழித்தவர் காட்டும் வரி 560.

இந்தப் பிசகு யார் தலையில் விழும் என்பது, அதைச் செய்பவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கல்லாவில் வந்த 1,180 ரூபாயில் 212.40-ஐ வரி என்று எடுத்து வைக்கும் கடைக்காரர் தன் லாபத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். கொள்முதல் 960 ரூபாய் என்றால் அவருக்கு உண்மையில் 40 ரூபாய் நிற்கிறது, ஆனால் அவர் கணக்கில் ஏழு ரூபாய் அறுபது காசுதான் தெரியும். அந்தச் சரக்கை இனி வாங்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தால்கூட ஆச்சரியமில்லை. மறுபக்கம், வாங்கிய நிறுவனத்தின் கணக்காளர் உள்ளீட்டு வரி வரவாக 212.40 பதிந்தால், விற்றவர் தாக்கல் செய்தது 180 என்பதால் விற்றவர்களின் தாக்கலிலிருந்து உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒத்துப்பார்க்கும்போது 32.40 இடிக்கும்.

கால்குலேட்டரே இந்தத் தவறுக்குத் துணைபோகிறது. 1180, கழித்தல், 18, % என்று அமுக்கினால் பல கால்குலேட்டர்களில் 967.60 வந்து நிற்கும். அந்த விசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. 1180-இல் 18 சதவீதம் தள்ளுபடி கேட்டோம், கொடுத்தது. நமக்கு வேண்டியது தள்ளுபடி அல்ல. 1180 ÷ 1.18 என்று வகுத்தால் போதும். 0.82-ஆல் பெருக்குவதும் அதே தள்ளுபடிக் கணக்குதான், வேறு உடையில் வந்திருக்கிறது.

எல்லாக் குறுக்குவழியும் தவறு என்று சொல்ல மாட்டேன். சில துல்லியமானவை, மனப்பாடம் செய்யத் தகுந்தவை. 5 சதவீதத்துக்கு வரி உட்பட்ட விலையை 21-ஆல் வகுத்தால் வரி வந்துவிடும். 105-இல் 5 என்பது 21-இல் ஒன்று, அவ்வளவுதான். 1,050 ரூபாயில் 50. இருபதால் வகுப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் செய்வது பழைய தவறேதான். 40 சதவீதத்துக்கு ஏழில் இரண்டு பங்கு. பழைய பில்களைப் பார்க்க வேண்டியவர்களுக்கு, 12 சதவீதத்துக்கு 28-இல் மூன்று பங்கு, 28 சதவீதத்துக்கு 32-இல் ஏழு பங்கு. 18 சதவீதத்துக்கு 59-இல் ஒன்பது என்று வரும், அது மனக்கணக்குக்கு உதவாது. அதற்குப் பதிலாக 15.25 சதவீதம் என்று சிலர் வைத்திருக்கிறார்கள். 18-ஐ 118-ஆல் வகுத்தால் 15.2542... என்று ஓடும், ஆகவே இது நெருக்கமான எண். 1,180-க்கு 179.95 கிடைக்கும். கடையில் நின்றபடி மதிப்பிட இது போதும். ஆனால் பில்லில் ஏற்றக்கூடாது: 1,18,000 ரூபாய்க்கு 17,995 என்று ஐந்து ரூபாய் குறைவாகக் காட்டும்.

இனி மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி, மாநில அரசின் பங்கான எஸ்ஜிஎஸ்டி. ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் 18 சதவீதம் ஒன்பதும் ஒன்பதுமாகப் பிரிகிறது. இங்கே இரண்டு விதமான தவறுகள் வருகின்றன, இரண்டுமே பார்வைக்கு நியாயமாக இருக்கும். முதலாவது, ‘சிஜிஎஸ்டி 9 சதவீதம், ஆகவே 109-இல் 9 பங்கு’ என்பது. 1,180-க்கு 97.43 வருகிறது. இரண்டு மடங்கு 194.86, மீதி அடிப்படை 985.14. திருப்பிப் போட்டால் 1,162.47-தான் வரும். இரண்டாவது, 1.09-ஆல் ஒரு தடவை வகுத்து ஒரு வரியை நீக்கி, வந்ததை மறுபடி 1.09-ஆல் வகுத்து அடுத்த வரியை நீக்குவது. அதில் அடிப்படை 993.18 என்று வரும். எஸ்ஜிஎஸ்டி சிஜிஎஸ்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால்தான் இப்படிப் படிப்படியாக இறங்க முடியும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே ஆயிரத்தின் மேல் நிற்கின்றன. அதனால்தான் 35ஆம் விதி வகுக்கும் எண்ணில் விகிதங்களின் கூட்டுத்தொகையைக் கேட்கிறது. மேலே 9 போடலாம், கீழே 118-தான் இருக்க வேண்டும். 1,180 × 9 ÷ 118 = 90. இரண்டும் சேர்ந்து 180.

இரண்டு விகிதப் பொருள்கள் ஒரே பில்லில் கலந்திருந்தால் மொத்தத் தொகையிலிருந்து பின்னோக்கிப் போகவே முடியாது. 5 சதவீதப் பொருள் 210 ரூபாய், 18 சதவீதப் பொருள் 590 ரூபாய், மொத்தம் 800. உண்மையில் முதலாவதில் வரி 10, இரண்டாவதில் 90, ஆக 100. மொத்தம் 800-ஐ 18 சதவீதமாகப் பாவித்தால் வரி 122.03 என்று காட்டும். 5-க்கும் 18-க்கும் நடுவில் பதினொன்றரை என்று சராசரி எடுத்தால் 82.51. கொஞ்சம் கவனமானவர்கள் விலைக்கு ஏற்ற எடை கொடுத்துச் சராசரி எடுப்பார்கள்: 210-க்கு 5, 590-க்கு 18, ஆக 14.5875 சதவீதம். அதை வைத்துப் பிரித்தால் 101.84 வருகிறது. நெருங்கிவிட்டது, ஆனாலும் சரியில்லை. எடை கொடுத்தது வரி சேர்ந்த விலைக்கு. சதவீதம் நிற்பதோ வரி சேராத விலையின் மேல். வரிக்கு முந்தைய 200, 500 என்ற தொகைகளுக்கு எடை கொடுத்தால்தான் சரியாக வரும். அந்தத் தொகைகள் தெரிந்துவிட்டால் சராசரியே தேவையில்லை. எனவே விகிதவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகத் திருப்பி, கடைசியில் கூட்டுங்கள். ஓட்டல் பில்லில் மதுவும் இருந்தால் அந்தத் தொகையை ஜிஎஸ்டி கணக்கிலிருந்து முதலிலேயே எடுத்துவிட வேண்டும். மனிதர் அருந்தும் மது ஜிஎஸ்டிக்குள் வருவதில்லை, அதற்கு மாநில அரசின் வரிகள்தான்.

தள்ளுபடிக்கு ஒரு வார்த்தை. பில்லிலேயே தள்ளுபடி கொடுத்தால், கொடுத்த பிறகு மிஞ்சும் தொகையைத்தான் திருப்ப வேண்டும். 1,180-இல் 10 சதவீதம் போக 1,062. இதில் அடிப்படை 900, வரி 162. வரியை 180-ஆகவே வைத்துக்கொண்டு தள்ளுபடி 118 முழுவதையும் அடிப்படையில் கழித்து 882 என்று எழுதுபவர்கள், வாங்காத பணத்துக்கு வரி கட்டுகிறார்கள்.

இதுவரை எண்களை வசதியாக எடுத்துக்கொண்டோம். நிஜ விலைகள் 999 என்றும் 10 என்றும் இருக்கும், அங்கே காசுதான் தகராறு செய்யும். 999 ரூபாயை 1.18-ஆல் வகுத்தால் 846.6101... பில்லில் இரண்டு தசமத்துக்கு 846.61. அதில் 9 சதவீதம் 76.1949, அதாவது 76.19. இப்போது கூட்டிப் பாருங்கள்: 846.61 + 76.19 + 76.19 = 998.99. ஒரு காசு குறைகிறது. சரி, அடிப்படையை ஒரு காசு ஏற்றி 846.62 என்று வைத்தால் 9 சதவீதம் 76.1958, அது 76.20 ஆகிவிடும். மொத்தம் 999.02. இப்போது இரண்டு காசு அதிகம். எப்படித் திருப்பினாலும் 999.00 வராது, இரண்டு தசமத்தில் அந்த எண்ணுக்குப் பிறப்பே இல்லை. இது யாருடைய பிழையும் அல்ல. 846.61-ஐ வைத்துக்கொண்டு, ‘ரவுண்ட் ஆஃப்’ என்ற தலைப்பில் +0.01 காட்டுவதுதான் ஒழுங்கான வழி. காசு ஒட்டவில்லை என்பதற்காக சிஜிஎஸ்டியை 76.19 என்றும் எஸ்ஜிஎஸ்டியை 76.20 என்றும் போடக்கூடாது. ஒரே மதிப்பின் மேல் ஒரே விகிதம் என்பதால் இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

எல்லா எண்ணும் இப்படி அடம்பிடிப்பதில்லை. 1,080 ரூபாயைத் திருப்பினால் அடிப்படை 915.25, ஒவ்வொரு வரியும் 82.37, மொத்தம் 1,079.99. இங்கே அடிப்படையை 915.26 ஆக்கினால் 9 சதவீதம் 82.37-ஆகவே நிற்கும், மொத்தம் சரியாக 1,080.00. பில் மென்பொருள் ஒரு காசை அடிப்படையில் நகர்த்தியிருப்பதைப் பார்த்தால் திடுக்கிட வேண்டாம். ஆனால் வித்தியாசம் ஒரு காசு இரண்டு காசைத் தாண்டி ரூபாயில் போனால் அது ரவுண்டிங் அல்ல, கணக்கு முறையிலேயே கோளாறு.

அப்படி வளரும் கோளாறு ஒன்று உண்டு: ஒற்றைப் பொருளின் அடிப்படை விலையை முதலில் காசுக்கு முழுமையாக்கி, பிறகு எண்ணிக்கையால் பெருக்குவது. 5 சதவீத வரி உட்பட 10 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் நூறு விற்கிறது. ஒன்றின் அடிப்படை 9.5238, அதை 9.52 ஆக்கி நூறால் பெருக்கினால் 952.00. இரண்டரை சதவீதம் 23.80, இரண்டு தடவை 47.60. மொத்தம் 999.60. வாங்கியதோ ஆயிரம். பாக்கெட்டுக்கு அரைக் காசுகூட இல்லாத பிசகு, நூறில் நாற்பது காசாக வந்து நிற்கிறது. பெட்டி பெட்டியாக விற்றால் ரூபாய்க் கணக்காகும். பெருக்கிய பிறகு திருப்புங்கள்: 1,000 ÷ 1.05 = 952.38, வரி 23.81 இரண்டு தடவை, மொத்தம் 1,000.00. கடைசிப் படிவரை தசமத்தை வெட்டாமல் வைத்திருப்பது ஒன்றே இதற்கு மருந்து.

எக்செல்லில் செய்பவர்களுக்கு இது:

```
=ROUND(A2*100/(100+B2),2)
=ROUND(C2*B2/200,2)
```

A2-இல் அந்த வரிசையின் மொத்த விலை, B2-இல் 18 என்ற வெறும் எண். முதல் சூத்திரத்தை C2-இல் போட்டால் அடிப்படை விலை. இரண்டாவது சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் ஒவ்வொன்றாக. B2-இல் 18% என்று சதவீதக் குறியோடு அடித்துவிட்டால் எக்செல் அதை 0.18 என்று எடுத்துக்கொள்ளும். 1,180-க்கு அடிப்படை 1,177.88 என்று வந்து நிற்கும். நேர்மாறாக, சதவீதத்துக்காக எழுதிய A2/(1+B2) என்ற சூத்திரத்தில் வெறும் 18 விழுந்தால் 62.11 வரும். இரண்டாவது கண்ணைக் குத்தும், பிடித்துவிடலாம். முதலாவது உண்மை விலை போலவே தோற்றமளிப்பதால் ஆபத்தானது. அடிப்படை விலை, இரண்டு வரிகள் மூன்றையும் கூட்டி A2-இலிருந்து கழிக்கும் ஒரு பத்தியைப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள், 0.02-க்கு மேல் எதுவும் நிற்கக்கூடாது. வரி, அடிப்படையைக் கணக்கிட்டு அதிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்பது இங்கே முக்கியம். விலையில் 18 சதவீதம் எடுத்து மீதியை அடிப்படை என்று வைத்தவர் அதே இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒட்டத்தான் செய்யும். அது சோதனையே அல்ல.

பின்னோக்கிய கணக்கு தெரியாவிட்டால் விகிதம் மாறும்போது குழப்பம் இன்னும் பெரிதாகும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. விலை பத்து சதவீதம் குறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 38,400 ரூபாய் ஏ.சி.யில் பத்து சதவீதம் 3,840. புது விலை 34,560 என்று மனம் போடும். ஆனால் 28 சதவீதம் நின்றது 38,400-இன் மேல் அல்ல, 30,000-இன் மேல். 38,400 ÷ 1.28 = 30,000; அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 35,400. குறைவது 3,000 ரூபாய், பழைய விலையில் 7.8 சதவீதம். கடைக்காரர் 35,400 சொன்னால் அவர் 840 ரூபாயை அமுக்கிவிட்டார் என்று சண்டைக்குப் போகக்கூடாது. 36,500 சொன்னால் காரணம் கேட்கலாம். அதே நாளில் 18-இலிருந்து 5-க்கு வந்த ஷாம்பு, பற்பசைக்கும் இப்படியே. 118 ரூபாயாக இருந்தது 105 ஆக வேண்டும், குறைவு 11 சதவீதம்தான், 13 அல்ல. ஒரே படியில் செய்ய, பழைய விலையை 105-ஆல் பெருக்கி 118-ஆல் வகுக்கலாம்.

கடைசியாக, இந்தக் கணக்கையே போடக்கூடாத ஓர் இடம். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் வணிகர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக்கூடாது. வரி பில்லுக்குப் பதில் அவர் கொடுப்பது ‘பில் ஆஃப் சப்ளை’. தனக்கு வரி வசூலிக்கும் தகுதி இல்லை என்று அதன் தலைப்பில் எழுதியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஓட்டலில் 210 ரூபாய்க்குச் சாப்பிட்டால், அதை 21-ஆல் வகுத்து ‘இதில் பத்து ரூபாய் ஜிஎஸ்டி’ என்று பிரிப்பது தவறு. அந்த 210-க்குள் வாடிக்கையாளர் கட்டிய வரி என்று எதுவும் இல்லை, நிறுவனக் கணக்கில் உள்ளீட்டு வரியாக எடுக்கவும் முடியாது. ஓட்டல்காரர் தன் கையிலிருந்து கட்டும் 5 சதவீதம் மொத்த விற்றுமுதலின் மேல் விழுகிறது. அவருக்கு 210-இல் 5 சதவீதம் நேராகவே எடுக்க வேண்டும்: 10 ரூபாய் 50 காசு.